மில்லி செகண்ட் தானேன்னு சொல்றவங்களுக்கு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல மக்களே. ஆணி அதிகம். இன்னிக்கும் ஆணியப் பத்திதான் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், ஆனா பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம். ஏன்னா இதுல மாட்டிக்கிட்டு முழிச்சது சாஃப்ட்வேர் ஆளு இல்ல. ஒரகடத்துல நைட் ஷிப்ட் பார்க்குற ஒரு மனுஷன்.

எங்க டீம்ல ஒரு வசனம் இருக்கு. உங்க டீம்லயும் இருக்கும். "அட, மில்லி செகண்ட் தானேப்பா, வெட்டி விடு." இந்த வசனத்தைச் சொல்றவங்களோட சண்டை போடத்தான் இந்தப் பதிவு. சும்மா வேகத்துல திட்டல. எண்ணிக் காட்டிட்டுத் திட்டுறேன்.

வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல ஒரகடம் ஜங்ஷன் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். பெரிய கார் கம்பெனிகள், அவங்களுக்கு உதிரிபாகம் செஞ்சு குடுக்குற கம்பெனிகள், கண்டெய்னர் லாரி, ஷிப்ட் பஸ். அதுல ஒரு உதிரிபாக கம்பெனிக்கு நாங்க வேலை செய்யறோம். பேர் வேணாம்.

அங்க ஒரு ஸ்டேஷன்ல நட் ரன்னர் மெஷின் இருக்கு. ஒரு பீஸ் வந்து நின்னதும் நாலு ஸ்பிண்டில் ஒரே நேரத்துல நாலு போல்ட்டை முறுக்கும். ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு டார்க்ல முறுக்கப்பட்டதுன்னு நாலு வரி மெஷினோட டேட்டாபேஸ்ல விழும். சுமார் 45 செகண்டுக்கு ஒரு பீஸ். எங்க புரோகிராம் மணிக்கு ஒரு தடவை எழுந்து, புதுசா வந்த வரிகளை மட்டும் எடுத்து, ஆபீஸ் சர்வர்ல கொண்டு போய்ச் சேர்க்கும். அந்த வரிகளை நாலால வகுத்தா எத்தனை பீஸ் ஓடுச்சுன்னு ரிப்போர்ட்.

புதுசு எது பழசு எதுன்னு எப்படித் தெரியும்? 2015 டிசம்பர் வெள்ளம் வடிஞ்ச பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரிஞ்சது ஞாபகம் இருக்கா? அதே மாதிரி ஒரு கோடு. கடைசியா எடுத்த வரியோட நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கணும். அடுத்த தடவை அந்தக் கோட்டுக்கு மேல இருக்குறதை மட்டும் எடுக்கணும். அதனாலதான் இதுக்கு வாட்டர்மார்க்னே பேரு.

```sql
SELECT * FROM tightening_result
WHERE result_time > @last_time
ORDER BY result_time
```

இவ்வளவுதான் மேட்டர். இதுல என்ன தப்பு வரப்போகுது?

தப்பு வந்தது அந்தக் கோட்டை எழுதி வெச்ச இடத்துல. எனக்கு முன்னாடி இருந்தவர், பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு நேரத்தை `yyyy-MM-dd HH:mm:ss` அப்படின்னு எழுதியிருந்தார். செகண்டோட நின்னுடும். மில்லி செகண்ட் கட்.

```
கடைசி வரியின் நேரம்     05:59:12.483
குறிச்சு வெச்சது         05:59:12
```

அடுத்த மணிக்கு புரோகிராம் எழுந்து, 05:59:12-க்கு மேல என்ன இருக்குன்னு கேக்குது. 05:59:12.483 அதுக்கு மேல தானே? ஆமா. சரி, எடு. ஏற்கெனவே எடுத்த அதே நாலு வரி மறுபடியும் வருது. லைன் ஓடிட்டு இருந்தா அதோட புது வரிகளும் சேர்ந்து வந்து கோடு மேல ஏறிடும், அந்தப் பழைய பீஸ் தப்பிச்சுடும். ஆனா புதுசா வந்த கூட்டத்தோட கடைசி பீஸ் இப்போ அதே நிலைமையில மாட்டும். ஆக, ஒரு ஓட்டத்துக்கு ஒரு பீஸ் ரெண்டு தடவை எண்ணப்படும். கடைசி நேரம் தற்செயலா சரியா .000-ல முடிஞ்சா மட்டும் தப்பும். அது எப்பவாவதுதான்.

மணிக்கு ஒண்ணு. எட்டு மணி நேர ஷிப்டுக்கு எட்டு.

இப்போ லைன் பக்கம் வாங்க. ரிப்போர்ட் சொல்லுது 640 பீஸ். கையில எண்ணினா 632. எட்டு பீஸ் எங்கே? நாங்க ரிப்போர்ட்டை சந்தேகப்படல. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுல்ல! சந்தேகப்பட்டது மனுஷங்களைத்தான். ரிஜெக்ட் ஆன பீஸை எங்கயோ மறைக்கிறாங்கன்னு மீட்டிங்ல பேச்சு. ஷிப்ட் இன்சார்ஜ்களை எழுத்துல விளக்கம் கேட்டாங்க. அதுலயும் சனிக்கிழமை நைட் ஷிப்ட் பார்த்தவருக்குத்தான் பெரிய ஆப்பு. அவர் ஷிப்ட்ல 32 பீஸ் குறையுது.

நான் அந்த வாரம் அங்க போயிருந்தேன். அந்த சனிக்கிழமை இன்சார்ஜ் அண்ணன் ஒரு நோட்டுப் புத்தகத்தோட வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? மத்த நாள் யார் ஷிப்ட் பார்த்தாலும் சரியா எட்டு குறையுது. ஏழு இல்ல, ஒம்போது இல்ல. போன வாரம் சனிக்கிழமை நைட் வேற ஆளு, அவருக்கும் 32. அதுக்கு முந்தின வாரம் இன்னொருத்தர், அவருக்கும் 32. திருடுறவன் இப்படி எண்ணியா திருடுவான்?"

சத்தியமா சொல்றேன், இந்த பக்கைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. அவர்தான். எனக்கு நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பு. அவருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஓட்டம் எவ்வளவு மாறினாலும் குறையுற எண்ணிக்கை மாறலைன்னா, அது ஓட்டத்தோட சம்பந்தப்பட்டது இல்ல. கடிகாரத்தோட சம்பந்தப்பட்டது. எட்டு மணி நேரத்துக்கு எட்டு. அப்போ 32? சனிக்கிழமை நைட் ஷிப்ட் ஞாயிறு காலை 6 மணிக்கு முடியும். அதுக்கப்புறம் திங்கள் காலை 6 வரைக்கும் லைன் கிடையாது. புது வரியே வராததால கோடு மேல ஏறாது. புரோகிராம் பாட்டுக்கு ஞாயித்துக்கிழமை பூரா மணிக்கு ஒரு தடவை எழுந்து அதே கடைசி பீஸைத் தூக்கிட்டு வந்து சேர்த்துட்டே இருக்கும். வழக்கமான எட்டு, லீவு நாளோட இருபத்தி நாலு. கூட்டினா 32.

சர்வர்ல போய்த் தேடினேன். மெஷின் ஒவ்வொரு வரிக்கும் `result_id`-னு ஒரு நம்பர் குடுக்கும். அது ரெண்டு தடவை வரவே கூடாது.

```sql
SELECT result_id, COUNT(*)
FROM report_result
GROUP BY result_id
HAVING COUNT(*) > 1
```

வந்து கொட்டுச்சு. பெரும்பாலானது ரெண்டு ரெண்டு. சனிக்கிழமையோட கடைசி பீஸ் மட்டும் 26 தடவை. முறைப்படி எடுத்தது ஒண்ணு, ஞாயிறு காலை 7-ல இருந்து திங்கள் காலை 6 வரைக்கும் 24, திங்கள் 7 மணிக்கு புது வரிகளோட ஒட்டிக்கிட்டு வந்தது ஒண்ணு. ஆடிட்டர் பார்த்திருந்தா, ஒரே போல்ட்டை ஏன்யா 26 தடவை முறுக்கினீங்கன்னு கேட்டிருப்பார்.

சரி, பக் கிடைச்சாச்சு. இனிமேதான் சண்டை.

எங்க டேமேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். அரை நிமிஷம் யோசிச்சார். "கோட்டுல ஒரு செகண்ட் கூட்டிடு. 12-ன்னு இருந்தா 13. அதே வரி மறுபடி வராது. முடிஞ்சுது." பக்கத்து சீட் ஆளும், சூப்பர், ஒரு லைன் சேஞ்ச்னு சொல்லிட்டான்.

மக்களே, இந்த ஒரு லைன் சேஞ்ச்தான் என்னைக் கொதிக்க வெச்சது. இது வேலை செய்யும். அதுதான் பிரச்சனையே. மறுநாளே ரிப்போர்ட் சரியாயிடும், எல்லாரும் கை தட்டுவாங்க. ஆனா என்ன நடந்திருக்கும்னு பாருங்க. அடுத்த மாசம் ரெண்டாவது லைன் வருது, அதே டேபிள்ல எழுதப் போகுது. புரோகிராம் 07:00:00.300-க்குப் படிக்குதுன்னு வெச்சுக்குங்க. அப்போ இருக்குற கடைசி வரி 07:00:00.150. வெட்டினா 07:00:00. ஒண்ணு கூட்டினா 07:00:01. படிச்சு முடிச்ச பிறகு 07:00:00.700-க்கு ரெண்டாவது லைன்ல ஒரு பீஸ் விழுது. அடுத்த மணிக்கு, 07:00:01-க்கு மேல இருக்குறதைக் குடுன்னு கேட்டா அந்தப் பீஸ் வருமா? வராது. அதுக்கடுத்த மணிக்கும் வராது. எப்பவுமே வராது.

தினம் நடக்காது. படிக்குற அந்த ஒரு செகண்டுக்குள்ள ரெண்டு பக்கமும் வரி விழுந்தாத்தான் நடக்கும். எப்பவாவது ஒண்ணு ரெண்டு இருக்கலாம். அதனாலதான் இது அதை விட மோசம். ரெண்டு தடவை வந்த வரி கணக்குல உதைக்கும், நோட்டுப் புத்தகத்துல மாட்டும், யாராவது கேள்வி கேப்பாங்க. வராத வரியை யார் எண்ணுவாங்க? என்னிக்கோ ஒரு நாள் கார் கம்பெனிக்காரன், இந்த சீரியல் நம்பர் பீஸோட டார்க் ரெக்கார்டைக் காட்டுன்னு கேப்பான். இல்லைன்னு சொன்னா அவன் அகராதியில போல்ட்டு முறுக்கலைன்னு அர்த்தம். அந்த பேட்ச் முழுக்க நிறுத்தி வெச்சு மறுபடி செக் பண்ணணும். அப்பவும் விளக்கம் எழுதப் போறது அந்த இன்சார்ஜ் அண்ணன்தான், நாம இல்ல.

வெட்டாம ரவுண்ட் பண்ணிடலாமேன்னு ஒரு கட்சி கிளம்பும். தெரியும். வெட்டுறது எப்பவும் கோட்டைக் கீழயே இழுக்கும். அதனால வரி திரும்ப வரும், தொலையாது. ரவுண்ட் பண்றது பாதி நேரம் கீழ இழுக்கும், பாதி நேரம் மேல தள்ளும். .483 கீழ, .783 மேல. கொஞ்சம் ரெட்டிப்பு, கொஞ்சம் இழப்பு, கணக்குல ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கும். மை எஸ்க்யூஎல் ஆளுங்க குறிப்பா கவனிங்க. வெறும் `DATETIME`-னு காலம் போட்டு அதுல கோட்டை வெச்சா, அது வழக்கமா வெட்டாது, கேக்காமலே ரவுண்ட் பண்ணும். `DATETIME(6)` போட்டாத்தான் முழுசா இருக்கும். இந்த வசதி 5.6.4-லயே வந்தாச்சு.

இன்னொரு கட்சி, ரிப்போர்ட்ல `DISTINCT` போட்டுட்டா தீர்ந்ததுன்னு சொல்லும். தீராது. குப்பை உள்ள சேர்ந்துட்டேதான் இருக்கும். நாளைக்கு வேற ஒருத்தன் அதே டேபிள்ல இன்னொரு ரிப்போர்ட் எழுதுவான், `DISTINCT` போட மறப்பான், மறுபடி எட்டு பீஸ் காணாமப் போகும்.

இவ்வளவு பேசுற நானும் யோக்கியன் இல்ல. என்னோட முதல் மருந்து என்ன தெரியுமா? அந்த எழுதுற வரியில `.SSS` சேர்த்தேன். மில்லி செகண்ட் வந்தாச்சு, ஜாலின்னு பஸ் ஏறிட்டேன். மறுவாரம் அண்ணன் போன் பண்றார். "தம்பி, எட்டு போயிடுச்சு. ஆனா ரெண்டு வருது, மூணு வருது." தலை சுத்திடுச்சு.

காரணம் இதுதான். மெஷினோட டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர். அதுல `result_time` பழைய `datetime` வகை. இது மில்லி செகண்டைச் சேமிக்குறது இல்ல. ஒரு செகண்டை 300 பங்காப் பிரிச்சு, எத்தனாவது பங்குன்னு சேமிக்குது. திரையில காட்டும்போது மூணு இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணிக் காட்டும்.

```
திரையில    உள்ளே
.483       .4833333
.487       .4866667
.490       .4900000
```

நம்ம ஜாவா டிரைவர் நான் குறிச்சு வெச்ச .483-ஐ எடுத்து, புதிய வகையான `datetime2`-வா அனுப்புது. ரெண்டு வகையை ஒப்பிடும்போது சர்வர் பழசைப் புதுசா மாத்தித்தான் பார்க்கும். 2016 பதிப்புல, கம்பாட்டிபிலிட்டி லெவல் 130-ல இருந்து, இப்படி மாத்தும்போது உள்ள இருக்குற முழு மதிப்பையும் கணக்குல எடுக்குது. மைக்ரோசாஃப்ட்டே ஆவணத்துல எழுதி வெச்சிருக்குற மாற்றம்தான், ஒளிச்செல்லாம் வெக்கல. .4833333 > .4830000. ஆமா, பெருசு. எடு மறுபடியும்! .487-ல முடிஞ்சா .4866667 சின்னது, வராது. .490-ல முடிஞ்சா சமம், வராது. மூணுல ஒண்ணு மாட்டும். எட்டு ஓட்டத்துக்கு ரெண்டோ மூணோ. அண்ணன் நோட்டுல இருந்தது அப்படியே.

இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். அந்த நேரத்தை நாம நேரம்னு நினைக்கிறோம். அது அங்க சாவி வேலை பார்க்குது. சாவியோட பல்லுல நுனியை மட்டும் அரம் போட்டுட்டு, கொஞ்சம்தானேன்னு சொல்ல முடியாது. நேரத்தை டேட்டாபேஸ்ல இருந்து வெளிய எடுத்து, எழுத்தா மாத்தி, மறுபடி உள்ள அனுப்புற ஒவ்வொரு வாசல்லயும் யாராவது அரம் வெச்சுக்கிட்டு நிக்கலாம். ஜாவா, பேட்டர்ன், டிரைவர், காலத்தோட வகை. எல்லா வாசலையும் நாம காவல் காக்க முடியாது.

அதனால கடைசியா கோட்டையே நேரத்துல இருந்து எடுத்துட்டேன். மெஷின் குடுக்குற `result_id`-தான் இப்போ கோடு. முழு எண். வெட்ட அதுல ஒண்ணும் இல்ல. இந்த டேபிள்ல எழுதின வரியை யாரும் பிறகு திருத்துறது இல்ல, அதனால இது போதும். திருத்துற டேபிளா இருந்தா `rowversion` காலம் கேக்கணும். இங்க மெஷின் வித்தவன் டேபிள்ல கை வைக்க விடமாட்டான்.

எண்ணுலயும் ஒரு குழி இருக்கு. 1001-ம் நம்பர் வாங்கினவன் எழுதி முடிக்குறதுக்கு முன்னாடி 1002 முடிச்சிடலாம். நாம 1002-ல கோடு போட்டா 1001 போச்சு. அதுக்காக ஒவ்வொரு தடவையும் வேணும்னே 500 வரி பின்னாடி போய்ப் படிக்கிறேன். சேர்க்கும்போது ஏற்கெனவே இருக்குற `result_id`-யைத் தள்ளிடுறேன். அந்தக் காலத்துல யுனிக் கீயும் போட்டாச்சு, நான் மறந்தாலும் டேட்டாபேஸ் ஒத்துக்காது.

```sql
INSERT INTO report_result (result_id, result_time, torque)
SELECT s.result_id, s.result_time, s.torque
FROM staging s
WHERE NOT EXISTS (SELECT 1 FROM report_result r
                  WHERE r.result_id = s.result_id)
```

டேமேஜர் கேட்டார், "ரெட்டிப்பு வரக்கூடாதுன்னு சொல்லிட்டு நீயே 500 வரியைத் திரும்ப எடுக்குறியே?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: ஒரு வரியை ரெண்டு தடவை எடுக்குறது குத்தம் இல்ல. எடுத்தது பழசுன்னு தெரியாம சேர்க்குறதுதான் குத்தம். ஒரு தடவை கூட எடுக்காம விடுறது மன்னிக்க முடியாத குத்தம். ஒரு செகண்ட் கூட்டினா முதல் குத்தத்தை மறைக்க ரெண்டாவது குத்தத்தைச் செய்யறோம்.

உங்க வீட்லயும் இது இருக்கான்னு பார்க்க ஈஸி வழி, ஞாயித்துக்கிழமை சோதனை. லைன் ஓடாத நேரத்துல, அதாவது புதுசா ஒரு வரி கூட வராத நேரத்துல, உங்க புரோகிராமை மூணு தடவை ஓட்டுங்க. புதுசா சேர்ந்த வரி மூணு தடவையும் பூஜ்யமா இருக்கணும். ஒவ்வொரு தடவையும் அதே நாலு வந்தா, எங்கயோ ஒருத்தர் மில்லி செகண்ட் தானேன்னு சொல்லியிருக்கார். பூஜ்யம் வந்துட்டாலும் உடனே துள்ளாதீங்க. ஒரு செகண்ட் கூட்டினவனுக்கும் பூஜ்யம்தான் வரும். மூலத்துலயும் உங்க பக்கத்துலயும் ஒரு முழு நாளோட வரிகளை எண்ணிப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் பாஸ்.

ரெட்டிப்பு வரிகளை எல்லாம் துடைச்சு, பழைய ஷிப்ட் கணக்குகளை மறுபடி போட்டு, பிரிண்ட் எடுத்துட்டுப் போய் அண்ணன்கிட்ட குடுத்தேன். எல்லா ஷிப்ட்லயும் வித்தியாசம் பூஜ்யம். பார்த்துட்டுக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் தம்பி வெட்டிட்டீங்க?"

"ஒரு செகண்ட் கூட இல்லண்ணே. அதுல பாதி."

"அதுக்கா என்னை எழுதித் தரச் சொன்னாங்க?"

அந்த விளக்கக் கடிதங்களைத் திரும்ப எடுக்கணும்னு மெயில் போட்டிருக்கேன். பதில் இன்னும் வரல. கோடு ஒரு நாள்ல சரியாயிடுச்சு. ஃபைல்ல இருக்குற காகிதம் இன்னும் அங்கயேதான் இருக்கு.

டிஸ்கி: மில்லி செகண்ட் தானேன்னு பின்னூட்டம் போட நினைக்குறவங்க தாராளமா போடலாம். முதல்ல ஞாயித்துக்கிழமை சோதனையை ஓட்டிட்டு, வந்த எண்ணிக்கையோட வாங்க. கும்மியை அங்க வெச்சுக்கலாம்.